பத்தாவது வாளி

கிள்ளானில் மேரு பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். இன்னும் செய்கிறேன். இதை எழுத எனக்கு அதிகம் படிப்பு இல்லை. ஆறாம் வகுப்பு. தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் சங்கிலி ஓடும். சங்கிலியில் பீங்கான் கைகள் தொங்கும். ஆயிரக்கணக்கில். விரல்கள் கீழே பார்த்திருக்கும். கைகள் முதலில் ஆசிட்டில் முங்கும். பிறகு காஸ்டிக் சோடாவில் முங்கும். பிறகு தண்ணீர். அப்படிச் சுத்தமான பிறகுதான் ரப்பர் பாலில் முங்கும். கடைசியில் பெண்கள் வரிசையாக நின்று கையுறையை உரிப்பார்கள். சூடாக இருக்கும். விரலை நிறுத்த முடியாது. சங்கிலி நிற்காது.

நான் உரிக்கும் வரிசையில் ஏழு வருடம் இருந்தேன். அக்கா என்று நான் கூப்பிடுபவள் பத்து வருடம் இருந்தாள். காப்பாரிலிருந்து வருவாள். என்னைவிட மூத்தவள். மூன்றாம் படிவம் வரை, அதாவது ஒன்பது வருடம் படித்தவள். அதைச் சொல்லாமல் ஒரு நாள் போகாது.

அவள் விரல்கள் மடங்காமல் போயின. காலையில் எழுந்தால் வெந்நீரில் கையை வைத்த பிறகுதான் சீப்பு பிடிக்க முடியும் என்பாள். நிர்வாகம் அவளைப் பின்பக்கம் குழிக்கு மாற்றியது. குழிக்கு இரண்டு பேர் வேண்டும். யார் வேண்டும் என்று கேட்டபோது அவள் என்னைக் கை காட்டினாள்.

"ஆறாப்புதான். ஆனா வாய் பேசாது. எனக்கு அது போதும்."

அப்படித்தான் நான் குழிக்கு வந்தேன். அவள் கூப்பிட்டு வந்தேன். இதை மறக்காமல் எழுத வேண்டும்.

குழி என்றால் சிமெண்டுத் தொட்டி. பக்கம் பக்கமாக இரண்டு. பழைய ஆசிட் ஒரு பெரிய தொட்டியில் வந்து சேரும். பழைய காஸ்டிக் இன்னொரு பெரிய தொட்டியில். அங்கிருந்து ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பைப். குழிச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் இருபது கோடு. ஒரு கோட்டுக்கு நூறு லிட்டர். ஆசிட்டையும் காஸ்டிக்கையும் கலந்து, இரண்டும் ஒன்றை ஒன்று கொன்ற பிறகுதான் தண்ணீரை வெளியே விடலாம். மீட்டரில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏழு என்றால் நல்லது. அதற்குக் கீழே ஆசிட். மேலே காஸ்டிக்.

எங்கள் வேலை சுலபம். ஆசிட் தொட்டியில் மீட்டரை விட்டால் 1. காஸ்டிக் தொட்டியில் 13. பத்துக் கோடு ஆசிட், பத்துக் கோடு காஸ்டிக். ஏழு வரும். கடைசியில் ஒரு வாளி இப்படி, ஒரு வாளி அப்படி. அவ்வளவுதான்.

"பாதிக்குப் பாதி," என்பாள் அக்கா. "இதுக்கு எஞ்சினியர் படிப்பு வேணுமா?"

எட்டு வருடம் அப்படி ஓடியது.

பிறகு அக்கா விரலுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் போனாள். அவள் போன நான்காம் நாள் குழாய்க்காரர்கள் வந்தார்கள். பீங்கான் கைகளைக் கழுவும் தண்ணீரையும் காஸ்டிக் தொட்டிக்கே திருப்பிவிட்டார்கள். தொட்டி தினமும் நிரம்பியது. மீட்டரை விட்டேன். 12.

ஒரு எண்தான் குறைவு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்துக்குப் பத்து விட்டேன். குழி நிரம்பிவிட்டது. மீட்டர் 1.35. குழியில் பெரிய மாற்றமே இல்லை. வெறும் ஆசிட். வெளியே விட முடியாது. காஸ்டிக் விட இடமும் இல்லை. அன்று அந்தக் குழியை மூடிவைத்தேன்.

மறுநாள் ஒரு காலி டிரம் எடுத்தேன். ஒரு வாளி ஆசிட் ஊற்றினேன். ஒரு வாளி காஸ்டிக் ஊற்றினேன். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். ஆசிட் என்றால் சிவப்பாகும். சிவப்பு. இரண்டாவது வாளி. சிவப்பு. ஐந்தாவது வாளி. அப்போதும் சிவப்பு. ஒன்பதாவது வாளிக்குத் தாள் கொஞ்சம் வெளுத்துக் காட்டியது. ஆரஞ்சு. பத்தாவது வாளி ஊற்றினேன். பச்சை. அது ஏழு.

ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு பலம் குறைவு. யாரும் சொல்லித் தரவில்லை. வாளி சொன்னது.

மூடிவைத்த குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மில் எடுத்துச் சரிசெய்தேன். நாலு நாள் ஆனது. யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் எஞ்சினியர் வந்தார். ஷா ஆலமிலிருந்து வரும் தமிழ்ப் பையன். முப்பது வயது இருக்கும். சட்டை கசங்காது. சிரித்துக்கொண்டே பேசுவார். எல்லாப் பெண்களையும் அக்கா என்பார்.

"அக்கா, இனிமே குழிக்கு ஒரு ஆள்தான். மேலிடத்து உத்தரவு. திங்கக்கெழம ரெண்டு பேருக்கும் டெஸ்ட் வைக்கிறேன். ஆளுக்கு ஒரு குழி. யாரு ஆறுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல கொண்டு வர்றாங்களோ அவங்க இங்க. இன்னொருத்தர் உரிக்கிற வரிசைக்கு."

"அவங்களுக்கு விரலு மடங்காது சார்," என்றேன்.

"அப்ப ஜெயிக்கச் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். நான் நின்றேன். எனக்கு விரல் நன்றாக இருந்தது. வரிசைக்குப் போனால் நான் பிழைத்துக்கொள்வேன். அவள் போனால் இரண்டு நாள் தாங்க மாட்டாள். வேலை போய்விடும். வீட்டில் அவள் புருஷன் படுக்கையில் இருந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் வரிசையில் சூடு. குழிப் பக்கம் காற்று வரும். சங்கிலி இல்லை. தண்ணீர் குடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம். இதுவும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"அந்தப் பையன் கூப்ட்டுச் சொன்னான்லா. டெஸ்டாம். நம்மள டெஸ்ட் பண்ண அவனுக்கு மீசை மொளைச்சிருச்சா?"

"ம்."

"நீ என்ன பண்ணுவ, ஆறாப்பு? பயமா இருக்கா?"

"இல்லக்கா."

"ரெண்டு பேரும் சரியா செஞ்சுட்டா அவன் என்ன பண்ணுவான்? ரெண்டு பேரையும் வெச்சுத்தான் ஆகணும். பாப்போம்." சிரித்தாள். பிறகு கேட்டாள். "தொட்டியில ஏதாச்சும் மாத்தமா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அதே தொட்டிதான்க்கா," என்றேன்.

பொய் இல்லை. தொட்டி அதேதான்.

திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் டெஸ்ட். வேண்டுமென்றே அந்த நேரத்தை வைத்தார் எஞ்சினியர். டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் கப்போடு வந்து நின்றார்கள். நேப்பாளப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள், உரிக்கும் வரிசைப் பெண்கள். மண்டோர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உரிக்கும் வரிசையை மேய்ப்பவன் அவன். வாய் ஓயாது.

"சரக்கு எது ஜெயிக்கும் பாஸ்? பழசா, புதுசா?"

"ரெண்டுமே பழசுதான் மண்டோர்," என்றார் எஞ்சினியர். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவின் வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. கட்டின் மேல் ரப்பர் கையுறை. அது சரியாக ஏறவில்லை. நாங்கள் இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டோம். பூட்ஸ் போட்டுக்கொண்டோம்.

"ரூல் ஒண்ணுதான்," என்றார் எஞ்சினியர். "ரெண்டையும் கலக்கணும். இருபதாவது கோட்டத் தாண்டக் கூடாது. மத்தபடி உங்க இஷ்டம்."

அக்கா தொட்டிகளில் மீட்டரை விட்டாள். ஆசிட் 1. காஸ்டிக் 12. நெற்றி சுருங்கியது. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பூட்ஸைச் சரிசெய்தேன்.

"பன்னெண்டுன்னா என்ன அக்கா, ஒண்ணும் பன்னெண்டும் பதிமூணு," என்றான் மண்டோர். "அதுல பாதி ஆறரை. டெஸ்டுல பாஸ்லா! பாதிக்குப் பாதி விடுங்க, வேலை முடிஞ்சிச்சு!"

எஞ்சினியர் கப்பைத் தூக்கினார். டீயை ஊதினார்.

அக்கா முட்டாள் இல்லை. ஒரு எண் குறைவு, அதனால் காஸ்டிக் கூட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். எப்போதும் விடும் பத்துக் கோட்டை விடவில்லை. ஐந்து கோடு ஆசிட் மட்டும் விட்டாள். மூன்று மடங்கு காஸ்டிக்குக்கு இடம் வைத்தாள். நான் அந்த இடத்தில் புதிதாக நின்றிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் ஒரு கோடு ஆசிட் விட்டேன். பைப்பை மூடினேன்.

"என்ன புதுசு, ஆசிட்டுக்குப் பஞ்சமா?" என்றான் மண்டோர்.

அக்கா என் குழியை எட்டிப் பார்க்கவில்லை. அவள் பெருமைக்காரி.

இரண்டு பேரும் காஸ்டிக்கைத் திறந்தோம். கலக்கும் மோட்டார் ஓடியது. ஐந்து கோடு காஸ்டிக் போனதும் அவள் மீட்டரைப் பார்த்தாள். 1.35.

மீட்டரைத் தூக்கி உதறினாள். நல்ல தண்ணீரில் கழுவினாள். மறுபடி விட்டாள். 1.35.

"சார், இது கெட்டுப்போச்சு."

"இந்தாங்க, என்னோடது." அவர் தன் பையிலிருந்து வேறு மீட்டரை எடுத்துக் கொடுத்தார். தயாராக வைத்திருந்தார். அதிலும் 1.35.

அவள் காஸ்டிக்கை முழுதாகத் திறந்துவிட்டாள். பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து கோடு. வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபதாவது கோட்டில் தண்ணீர் தொட்டது. அவள் பைப்பை மூடினாள். ஐந்துக்குப் பதினைந்து. மூன்று மடங்கு. மீட்டரை விட்டாள்.

1.76.

"அரை நம்பர் கூட ஏறலயே," என்றான் மண்டோர். அவனே கொஞ்சம் பயந்தான் போல.

என் குழியில் ஒன்பது கோடு காஸ்டிக் போயிருந்தது. மீட்டர் 3. பைப்பை மூடிவிட்டு வாளி எடுத்தேன். பத்தாவது கோட்டை வாளி வாளியாக ஊற்றினேன். கடைசி வாளியைக் குவளையில் மொண்டு ஊற்றினேன். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அதுவரைக்கும் மாடு மாதிரி அசையாமல் நிற்கும். அந்த ஒரு வாளியில் பாயும். 7.2-ல் நிறுத்தினேன்.

எஞ்சினியர் வந்து பார்த்தார். எழுதிக்கொண்டார். அக்காவின் பக்கம் போனார்.

"என்ன அக்கா, முடிஞ்சிச்சா?"

"சார், செதில் போடலாமா?"

காஸ்டிக் செதில் மூட்டை சுவரோரம் இருந்தது. வெள்ளையாக, உப்புக்கல் மாதிரி. அவசரத்துக்கு மட்டும் எடுப்போம்.

"உங்க இஷ்டம்னு சொன்னேனே. போடுங்க போடுங்க."

ஒரு கரண்டிக்கு ஒரு கிலோ பிடிக்கும். கரண்டிப் பிடியை அவளால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தூக்கினாள். நேப்பாளப் பையன் ஒருவன் உதவ வந்தான்.

"வேணாம். டெஸ்ட்," என்றார் எஞ்சினியர். அவன் பின்னால் போனான்.

முதல் கரண்டி விழுந்தது. தண்ணீர் தெறித்தது. கலக்கி ஓடியது. 2.30.

அவள் முகம் தெளிந்தது. ஏறுகிறதே என்று. ஒரு கிலோவுக்கு அரை எண் என்று கணக்குப் போட்டிருப்பாள். அப்படியானால் இன்னும் எட்டுப் பத்துக் கரண்டி வேண்டும். எனக்குத் தெரியும், இனி வேண்டியது அரைக் கரண்டிக்கும் குறைவு. சொல்ல ஒரு வார்த்தை போதும். 'மெதுவா.' அவ்வளவுதான். என் டெஸ்ட் முடிந்துவிட்டது. அவளும் சரியாகச் செய்தால் இரண்டு பேரையும் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அது நடக்காது என்றும் தெரியும். ஒருவர் என்றால் ஒருவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் இரண்டாவது கரண்டியை முழுதாகக் கொட்டினாள்.

மீட்டர் எண் ஓடியது. 3, 5, நிற்கவில்லை. 9, 11. நின்றது. 11.88.

"வாவ்!" என்றான் மண்டோர். கைதட்டினான். "ஆசிட்ட கொன்னுட்டா! இப்ப காஸ்டிக்!"

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள். அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசிட் பைப்பில் கை வைத்தாள்.

"இருபதாவது கோடு அக்கா," என்றார் எஞ்சினியர். "எடம் இல்ல."

அவள் கையை எடுத்தாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒரு நம்பர்னா ஒண்ணு இல்ல. பத்து மடங்கு. இந்த அக்கா அஞ்சு கோடு ஆசிட் விட்டாங்க. அதுக்கு அம்பது கோடு காஸ்டிக் வேணும். இருபது கோட்டுக் குழியில அம்பது எங்க போகும்? தலைகீழா நின்னாலும் வராது. அந்த அக்கா ஒண்ணுக்குப் பத்து விட்டாங்க." என்னைக் காட்டினார். "மூணாம் படிவத்துக்குத் தெரியல. ஆறாப்புக்குத் தெரிஞ்சிருக்கு."

'ஆறாப்பு' என்ற பேரை அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவர் அதோடு விடவில்லை. "நீங்க இவங்க குழியச் சரி பண்ணுங்க. எல்லாரும் பாக்கட்டும். கோட்டத் தாண்டலாம், பரவால்ல."

நான் அவள் குழிக்குப் போனேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். ஒரு கோடு ஆசிட் விட்டேன். 11.38. மூடினேன். வாளி எடுத்தேன். நாலு வாளி. 10.67. ஐந்தாவது வாளியைக் குவளை குவளையாக விட்டேன். கடைசிக் குவளையில் இறங்கியது. 7.6. மொத்தம் ஒன்றரைக் கோடு ஆசிட். கோட்டுக்கு மேலே அந்த இடத்தை அவளுக்கு விட்டிருந்தால் அவளும் செய்திருப்பாள். எட்டு வருடம் வாளி ஊற்றியவள். பொறுமையும் உண்டு.

மணி அடித்தது. எல்லோரும் வரிசைக்கு ஓடினார்கள்.

உடை மாற்றும் அறையில் அவள் பூட்ஸைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக நான்தான் குதிகாலைப் பிடித்து இழுப்பேன். இழுத்தேன். ஒன்று வந்தது. இரண்டாவதைத் தரவில்லை. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க லீவு போன அஞ்சாம் நாளுலேருந்து."

"சனிக்கெழம நான் கேட்டேன்."

"கேட்டீங்க."

"சொல்லியிருந்தா நானும் செஞ்சிருப்பேன்."

"ஆமா."

"அதான் சொல்லல."

"ஆமாக்கா."

அவள் சிரித்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. "பொய் சொல்லியிருக்கலாம்லா. தெரியாதுன்னு. நான் நம்பியிருப்பேன். அந்தக் கருணைகூட ஒனக்கு வரல பாரு."

ஒரு காலில் பூட்ஸோடு எழுந்து தன் அலமாரியைத் திறந்தாள். கப், துண்டு, வெந்நீர் ஃபிளாஸ்க். பையில் போட்டாள். மறுநாள் உரிக்கும் வரிசைக்குப் போய் ஒரு நாள் நின்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கையுறை அவள் கையில் சிக்கி, அடுத்தடுத்து நாற்பது கை உரிக்காமல் போய்விட்டன. மண்டோர் மலாயில் திட்டினான், எல்லோருக்கும் புரியட்டும் என்று. புதன்கிழமை அவள் வரவில்லை.

நான் குழியில் இருந்தேன். ஒரு கோடு ஆசிட், பத்துக் கோடு காஸ்டிக். காற்று வந்தது. பேச ஆள் இல்லை. எனக்குப் பேச வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு வருடம் கழித்து கண் ஆஸ்பத்திரிக்காக பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். திரும்பும்போது கடைகளுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குப் போனேன். வாசலில் மேசை போட்டு ஒரு பெண் டிஷ்யூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா. விரல்கள் இப்போது உள்ளே வளைந்து, நிமிராமல் இருந்தன. டிஷ்யூவை இரண்டு உள்ளங்கையிலும் அழுத்தி எடுத்துத் தந்தாள்.

என்னைத் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"உள்ள பைப்புல தண்ணி வரல," என்றாள். "அங்க டிரம்மு இருக்கு, வாளி இருக்கு. எத்தன வாளின்னு நீயே எண்ணிக்க. ஒனக்குத்தான் தெரியுமே."

நான் வாளியை எடுத்தேன். மொண்டேன். ஒரு வாளி போதுமாக இருந்தது. திரும்பி வரும்போது அவள் வேறு ஒருத்திக்கு டிஷ்யூ கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாளியை இருந்த இடத்தில் வைத்தேன். அவள் நிமிரவில்லை.

மறுநாள் காலை மீட்டரை விட்டேன். ஆசிட் 1. காஸ்டிக் 12. ஒரு கோடு விட்டுப் பைப்பை மூடினேன்.